மூன்று டம்ளர், ஒரு மாறிலி

பள்ளியில் வகைக்கெழுச் சமன்பாடு படித்த எல்லோருக்கும் அந்த இரண்டு கோடுகள் நினைவிருக்கும். 1/y-ஐத் தொகையிட்டால் ln|y| வரும். y-க்கு இரண்டு பக்கமும் காவல் நிற்பதுபோல இரண்டு செங்குத்துக் கோடுகள். இரண்டு வரி தள்ளிப் பார்த்தால் அவை இருக்காது. அதற்குள் C என்று எழுதிய மாறிலியும் A என்று பெயர் மாறியிருக்கும். கடைசி விடை சரியாக இருப்பதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது.

கோடுகள் எங்கே போயின, C எப்படி A ஆனது என்ற கேள்விகளுக்கு விடை ஒன்றுதான். அந்த இரண்டு வரிகளுக்கு இடையில் A என்ற ஒரே எழுத்துக்குள் மூன்று விஷயங்கள் போய்ச் சேருகின்றன. ஒன்று மிகை எண்கள், இன்னொன்று குறை எண்கள், மூன்றாவது பூச்சியம். மூன்றும் மூன்று வெவ்வேறு வழியாக வருகின்றன. ஒரு வழியை மறந்தாலும் சமன்பாட்டின் தீர்வுகளில் ஒரு பகுதி நம் கையைவிட்டுப் போய்விடும். இதைச் சமையலறை மேடையில் வைத்தே பார்த்துவிடலாம்.

மேடைமேல் மூன்று டம்ளர்

அறையின் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். மேடைமேல் ஒரே மாதிரியான மூன்று டம்ளர்கள். முதல் டம்ளரில் 80 டிகிரியில் காபி. இரண்டாவதில் ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்த தண்ணீர், 5 டிகிரி. மூன்றாவதில் காலையிலிருந்து அங்கேயே இருக்கும் தண்ணீர், சரியாக 30 டிகிரி.

1701-ல் ஐசக் நியூட்டன் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் தன் பெயரைப் போடாமல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சூடான பொருள் எவ்வளவு வேகமாக ஆறும் என்பது அதில் வரும் கேள்விகளில் ஒன்று. இன்று நாம் நியூட்டனின் குளிர்வு விதி என்று படிப்பது அதிலிருந்து வளர்ந்ததுதான். பொருளுக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம் எவ்வளவு அதிகமோ, அந்த வித்தியாசம் குறையும் வேகமும் அதே விகிதத்தில் அதிகம் என்கிறது இந்த விதி. காபி முதலில் விறுவிறுவென ஆறிவிட்டுப் பிறகு வெதுவெதுப்பிலேயே நெடுநேரம் நிற்பது இதனால்தான்.

டம்ளரின் வெப்பநிலை T என்றால், வித்தியாசம் T − 30. அதை y என்று அழைப்போம். காபிக்கு y தொடக்கத்தில் 50. குளிர்ந்த தண்ணீருக்கு −25. மூன்றாவது டம்ளருக்கு 0. நேரத்தை t நிமிடம் என்று எடுத்துக்கொண்டால் மூன்றுக்கும் ஒரே சமன்பாடுதான்:

```
dy/dt = -k y
```

k ஒரு மிகை எண். டம்ளரின் வடிவம், உள்ளே இருக்கும் அளவு போன்றவற்றைப் பொறுத்தது. கணக்கு எளிதாக இருக்க மூன்று டம்ளருக்கும் ஒரே k என்று கொள்வோம். உண்மையில் சூடான காபியின் மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாவதால் அது இன்னும் சற்று வேகமாகவே ஆறும். ஆனால் நாம் பார்க்க வந்தது கோடுகளை. அதற்கு இந்த எளிய வடிவம் போதும்.

கோடுகள் ஏன் வந்தன?

மாறிகளைப் பிரித்து எழுதினால் ஒரு பக்கம் dy/y, மறுபக்கம் −k dt. காபி டம்ளரை எடுத்துக்கொண்டால் y எப்போதும் மிகை எண். ln y-ன் வகைக்கெழு 1/y. எனவே 1/y-ஐத் தொகையிட்டால் ln y. இதில் சிக்கல் எதுவுமில்லை.

அதே வரியைக் குளிர்ந்த தண்ணீருக்கு எழுதிப் பாருங்கள். y = −25. கால்குலேட்டரில் ln(−25) என்று தட்டினால் பிழை என்றுதான் வரும். குறை எண்ணுக்கு மெய்யெண்களில் மடக்கை கிடையாது. ஆனால் தண்ணீர் மேடைமேல் இருக்கிறது, அதன் வெப்பநிலையும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. சமன்பாடும் அதற்குப் பொருந்துகிறது. ஆகவே குறை எண்களிலும் 1/y-க்கு ஒரு தொகை இருந்தாக வேண்டும்.

அது ln(−y). y குறை எண்ணாக இருக்கும்போது −y மிகை எண், எனவே மடக்கை எடுக்கலாம். சங்கிலி விதிப்படி அதன் வகைக்கெழு 1/(−y) பெருக்கல் (−1), அதாவது 1/y. இரண்டு குறைக்குறிகளும் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. ஆக, மிகைப் பக்கத்தில் ln y, குறைப் பக்கத்தில் ln(−y). இரண்டையும் ஒரே எழுத்தில் எழுதும் சுருக்கம்தான் ln|y|. மட்டு மதிப்பின் கோடுகள் வெளியிலிருந்து சேர்த்த அலங்காரம் அல்ல. 1/y என்ற சார்பு பூச்சியத்துக்கு வலப்பக்கம் ஒரு துண்டாகவும் இடப்பக்கம் ஒரு துண்டாகவும் இருக்கிறது என்பதை அவை சொல்கின்றன.

இந்த இடத்தில் பலரும் செய்யும் ஒரு பிழை உண்டு. y-க்குப் பதில் T-யை வைத்தே கணக்குப் போடும்போது, 1/(T − 30)-ன் தொகையைக் குளிர்ந்த தண்ணீருக்காக −ln(30 − T) என்று எழுதிவிடுவார்கள். 30 − T என்று திருப்பியதால் ஒரு குறைக்குறி வர வேண்டும் என்ற எண்ணம்தான் காரணம். சரியான தொகை ln(30 − T). முன்னால் குறைக்குறி இல்லை. தவறான குறியோடு தொடர்ந்தால் 30 − T = 25 பெருக்கல் e^(kt) என்று முடியும். நேரம் போகப் போக வலப்பக்கம் பெருகுகிறது. அதாவது மேடைமேல் வைத்த தண்ணீர் தானாக உறைந்துகொண்டே போகிறது. விடையை எழுதியதும் நேரத்தை ஓடவிட்டுப் பார்த்தால், எந்தப் பக்கம் போகிறது என்பதே பிழையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

C எப்படி A ஆகிறது?

இப்போது முழுக் கணக்கையும் வரிசையாக எழுதுவோம்.

```
ln|y| = -kt + C
|y|   = e^C · e^(-kt)
y     = ± e^C · e^(-kt)
y     = A · e^(-kt)
```

முதல் வரியிலேயே ஒரு இணைப்பு நடந்துவிட்டது. இடப்பக்கம் தொகையிட்டால் ஒரு மாறிலி வரும், வலப்பக்கம் இன்னொன்று வரும். C1, C2 என்று வைத்துக்கொண்டால், C1-ஐ வலப்பக்கம் கொண்டுபோகும்போது C2 − C1 என்றாகிறது. இரண்டும் எந்த மெய்யெண்ணாகவும் இருக்கலாம் என்பதால் அவற்றின் வித்தியாசமும் எந்த மெய்யெண்ணாகவும் இருக்கலாம். அதனால் அதற்கு C என்று ஒரே பெயர் வைப்பதில் எதையும் இழக்கவில்லை.

மாறிலிகளை இணைப்பதற்கான விதியே இதுதான். இணைத்துப் புதுப் பெயர் வைக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இந்தப் புது எழுத்து எந்தெந்த மதிப்புகளை ஏற்கும்? மாறத்தக்க மாறிலி என்று சொல்வதால் மட்டும் அது எல்லா மதிப்புகளையும் ஏற்றுவிடாது.

இரண்டாவது வரியில் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். e-ன் அடுக்கில் இருந்த −kt + C, e^C பெருக்கல் e^(−kt) என்று பிரிந்தது. C எந்த மெய்யெண்ணாக இருந்தாலும் e^C மிகை எண்தான். பூச்சியமும் ஆகாது, குறை எண்ணும் ஆகாது. இந்த இடத்திலேயே அவசரப்பட்டுக் கோடுகளை அழித்துவிட்டு y = e^C · e^(−kt) என்று எழுதினால் கிடைப்பது காபி டம்ளர் மட்டும்தான். குளிர்ந்த தண்ணீர் அதில் இல்லை.

மூன்றாவது வரியில்தான் கோடுகள் நீங்குகின்றன. |y| இன்னதுக்குச் சமம் என்றால் y அதுவாகவோ அதன் எதிராகவோ இருக்கும். அதனால் ± வருகிறது. ஆனால் y ஒரு நிமிடம் மிகையாகவும் அடுத்த நிமிடம் குறையாகவும் மாறலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. வெப்பநிலை தாவாது. தொடர்ச்சியாகவே மாறும். மிகையிலிருந்து குறைக்குப் போக வேண்டுமானால் இடையில் பூச்சியத்தைத் தொட்டாக வேண்டும். வலப்பக்கம் இருக்கும் e^C · e^(−kt) ஒருபோதும் பூச்சியம் ஆவதில்லை. எனவே தொடக்கத்தில் எந்தக் குறியோ அதுவே கடைசிவரைக்கும். குறி மாறாமல் ஒரே நிலையில் இருப்பதால்தான் அதை மாறிலியோடு சேர்த்து ±e^C-க்கு A என்று பெயர் வைக்க முடிகிறது. கோடுகள் காணாமல் போகவில்லை. அவை சுமந்த செய்தி A-யின் குறியாக மாறியிருக்கிறது.

இப்போது A எந்த மதிப்புகளை ஏற்கும்? எல்லா மிகை எண்களையும் எல்லா குறை எண்களையும். பூச்சியம் மட்டும் இன்னும் வெளியே நிற்கிறது.

மூன்றாவது டம்ளர்

மூன்றாவது டம்ளரை இதுவரை நாம் தொடவே இல்லை. அதில் y = 0. எவ்வளவு நேரம் ஆனாலும் அதன் வெப்பநிலை 30 டிகிரிதான். dy/dt = −ky என்ற சமன்பாட்டில் y = 0 என்று போட்டால் இரண்டு பக்கமும் பூச்சியம். ஆகவே இதுவும் முழுத் தகுதியுள்ள ஒரு தீர்வு.

ஆனால் நம் கணக்கின் முதல் அடியிலேயே இதை வெளியே தள்ளிவிட்டோம். dy/y என்று எழுத y-ஆல் வகுத்தோம். பூச்சியத்தால் வகுக்க முடியாது. எனவே அந்த வரியை எழுதியபோதே y பூச்சியம் இல்லை என்று சொல்லாமல் சொல்லிவிட்டோம். அதற்குப் பிறகு எத்தனை சரியான வரிகளை எழுதினாலும் வெளியே தள்ளியது தானாகத் திரும்பி வராது. நாமேதான் போய் அழைத்து வர வேண்டும். y = 0-ஐச் சமன்பாட்டில் தனியாக வைத்துச் சரிபார்த்து, A = 0 என்றால் y = A · e^(−kt) அதையும் தருகிறது என்று பார்த்த பிறகே A எந்த மெய்யெண்ணாகவும் இருக்கலாம் என்று எழுதும் உரிமை கிடைக்கிறது.

t = 0 என்று போட்டால் A-யின் பொருளும் விளங்கிவிடும். அப்போது y = A. அதாவது A என்பது தொடக்க நேரத்தில் இருந்த வெப்பநிலை வித்தியாசம். காபிக்கு 50, குளிர்ந்த தண்ணீருக்கு −25, மூன்றாவது டம்ளருக்கு 0. மிகை எண் e^C வழியாக வந்தது. குறை எண் மட்டு மதிப்பின் வழியாக வந்தது. பூச்சியம், வகுத்தபோது தொலைத்ததைத் தேடி எடுத்ததால் வந்தது.

எண்களை வைத்தும் பார்ப்போம். 10 நிமிடத்தில் காபி 80-லிருந்து 70 டிகிரிக்கு இறங்கியது என்று கொள்வோம். வித்தியாசம் 50-லிருந்து 40 ஆயிற்று, அதாவது 0.8 மடங்கு. எனவே e^(−10k) = 0.8. k சுமார் 0.0223. அடுத்த 10 நிமிடத்தில் வித்தியாசம் மறுபடி 0.8 மடங்காகி 32 ஆகும். காபி 62 டிகிரி. குளிர்ந்த தண்ணீருக்கும் அதே 0.8-தான். −25 என்பது 10 நிமிடத்தில் −20, 20 நிமிடத்தில் −16. வெப்பநிலை 5-லிருந்து 10, பிறகு 14 டிகிரி. ஒன்று இறங்குகிறது, மற்றது ஏறுகிறது. சூத்திரம் ஒன்றுதான், A-யின் குறி மட்டும் வேறு.

மாறிலியே வேண்டாம் என்று நினைப்பவர்கள் தொடக்க நேரத்திலிருந்து வரையறுத்த தொகையாகப் போடலாம். அப்போது ln|y/y0| = −kt என்று வரும். y-யும் தொடக்க மதிப்பான y0-உம் ஒரே குறி என்பதால் அவற்றின் விகிதம் எப்போதும் மிகை எண். −20-ஐ −25-ஆல் வகுத்தாலும் 0.8-தான். கோடுகளைத் தயக்கமில்லாமல் எடுத்துவிடலாம். ஆனால் இதிலும் y0 பூச்சியமாக இருக்கக் கூடாது. மூன்றாவது டம்ளர் மறுபடியும் தனியாகத்தான் நிற்கும்.

எதையும் விடவில்லை என்று எப்படித் தெரியும்?

y-ஆல் வகுக்காமலேயே சரிபார்க்க ஒரு வழி உண்டு. சமன்பாட்டின் ஏதாவது ஒரு தீர்வு y என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதை e^(kt)-ஆல் பெருக்கி வகையிடுங்கள். பெருக்கல் விதிப்படி e^(kt) · (dy/dt + ky) வரும். அடைப்புக்குள் இருப்பது சமன்பாட்டின்படி பூச்சியம். வகைக்கெழு பூச்சியம் என்றால் y · e^(kt) ஒரு மாறிலி. அதுவே A. வகுக்கவில்லை, மடக்கை எடுக்கவில்லை, கோடுகளும் வரவில்லை. மிகை, குறை, பூச்சியம் மூன்றும் ஒரே வரியில் வந்துவிட்டன. வேறு வகைத் தீர்வு எதுவும் இல்லை என்பதும் இதிலேயே உறுதியாகிவிட்டது.

மாறிலியை இணைப்பதில் நேரும் வேறொரு பிழையையும் இப்படிச் சோதித்துப் பிடிக்கலாம். ln|y| = −kt + C என்ற வரியிலிருந்து சிலர் y = e^(−kt) + C என்று தாவிவிடுவார்கள். அடுக்கில் கூட்டலாக இருந்த மாறிலி, அடுக்கை விட்டு வெளியே வரும்போது பெருக்கலாகத்தான் வரும். சந்தேகம் இருந்தால் சமன்பாட்டிலேயே வைத்துப் பாருங்கள். இடப்பக்கம் −k · e^(−kt) வரும். வலப்பக்கம் −k · e^(−kt) − kC வரும். C பூச்சியமாக இருந்தால் தவிர இரண்டும் பொருந்தாது.

300 ஆண்டுகளுக்கு முந்தைய விவாதம்

இந்தக் கோடுகளின் பின்னணியில் இருக்கும் கேள்வி பெரிய கணித மேதைகளையே மோதவிட்டது. 1712, 1713 ஆண்டுகளில் லைப்னிட்ஸும் யோஹான் பெர்னூலியும் குறை எண்களின் மடக்கை பற்றிக் கடிதங்களில் வாதாடினார்கள். −x-ன் மடக்கையை வகையிட்டாலும் 1/x வருகிறது, x-ன் மடக்கையை வகையிட்டாலும் 1/x வருகிறது, எனவே இரண்டு மடக்கைகளும் சமம் என்பது பெர்னூலியின் வாதம். லைப்னிட்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை. குறை எண்களின் மடக்கை கற்பனை எண் என்றார் அவர்.

லியோனார்டு ஆய்லர் இதற்கு முடிவு கட்டினார். பெர்லின் அறிவியல் கழகத்தின் வெளியீட்டில் 1751-ல் அவருடைய கட்டுரை அச்சானது. பெர்னூலியின் வாதத்தில் இருந்த ஓட்டையை அவர் காட்டினார். வகைக்கெழுக்கள் சமம் என்றால் சார்புகள் சமம் என்று ஆகாது. அவற்றுக்கிடையே ஒரு மாறிலி வித்தியாசம் இருக்கலாம். இங்கே அந்த வித்தியாசம் ln(−1). அது மெய்யெண் அல்ல, πi என்ற கற்பனை எண்ணும் அதன் ஒற்றைப்படை மடங்குகளும்.

நம் டம்ளர்களுக்கு இது நேரடியாகப் பொருந்துகிறது. சிக்கலெண்களை அனுமதித்தால் கோடுகள் இல்லாமலேயே ln y = −kt + C என்று எழுதலாம். குளிர்ந்த தண்ணீருக்கு C-க்குள் ஒரு πi சேர்ந்துகொள்ளும். e-ன் அடுக்கு πi என்பது −1. குறைக்குறி தானாக வந்துவிடும். மெய்யெண்களில் கோடுகள் செய்த வேலையை அங்கே மாறிலியே செய்துவிடுகிறது. ஆனால் சிக்கலெண்களிலும் e^C ஒருபோதும் பூச்சியம் ஆகாது. அதனால் மூன்றாவது டம்ளருக்கு அங்கேயும் தனி வரி ஒன்று வேண்டும். கோடுகளை மறப்பதைவிட y = 0-ஐ மறப்பது பெரிய பிழை என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஒரே மாறிலி போதாத இடம்

இணைத்த மாறிலி எப்போதும் ஒன்றுதான் என்றும் நினைத்துவிடக் கூடாது. x · dy/dx = 2y என்ற சமன்பாட்டைப் பாருங்கள். பிரித்துத் தொகையிட்டால் ln|y| = 2 ln|x| + C, அதிலிருந்து y = A·x². எல்லாம் முன்பு போலத்தான் தெரிகிறது. ஆனால் இந்த முறை y மட்டுமல்ல, x-உம் வகுத்தியில் இருக்கிறது. x = 0-ல் கணக்கு இரண்டாக உடைகிறது. வலப்பக்கத் துண்டுக்கு ஒரு மாறிலி, இடப்பக்கத் துண்டுக்கு இன்னொரு மாறிலி. இரண்டும் சமமாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

எடுத்துக்காட்டாக, x மிகையாக இருக்கும்போது y = x², குறையாக இருக்கும்போது y = −x² என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு துண்டுகளும் ஆதியில் சீராக இணைகின்றன. சமன்பாடும் எல்லா இடத்திலும் சரியாக இருக்கிறது. ஆனாலும் ஒரே A-யை வைத்து இந்தத் தீர்வை எழுத முடியாது. நம் டம்ளர் சமன்பாட்டில் இந்தச் சிக்கல் வராததற்குக் காரணம், அங்கே நேரம் t எந்த இடத்திலும் வகுத்தியில் இல்லை.

எனவே அடுத்த முறை 1/y-ஐத் தொகையிடும்போது மூன்று குறிப்புகளை நோட்டில் எழுதிவையுங்கள். வகுக்கும் வரியின் ஓரத்தில் "y = 0 தனியாகப் பார்க்க வேண்டும்" என்று. கோடுகளை எடுக்கும் வரியின் ஓரத்தில் "±" என்று. கடைசி வரியின் ஓரத்தில் A எந்த மதிப்புகளை ஏற்கும் என்று. மூன்றும் சேர்ந்து ஒரு நிமிட வேலை. அந்தக் குறிப்புகளோடு எழுதிய விடையில்தான் மூன்று டம்ளர்களுக்கும் இடம் இருக்கும்.